மாடி டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை

ஒரு மனிதரிடம் சொல்வதற்கு மிகக் கடினமான விஷயம் மரணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தத் தப்பு. மரணத்தைப் பற்றிப் பேசியே நான் முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். கறம்பக்குடி வட்டாரத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தவன். "அண்ணே, நாளைக்கே ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னு வைங்க..." என்று சிரித்த முகத்தோடு ஆரம்பிப்பேன். அரிவாளைத் தேட வேண்டிய மனிதர், உள்ளே திரும்பி, "ஏத்தா, சாருக்கு மோரு கொண்டா" என்பார். என் வாயின் லட்சணம் அப்படி.

உண்மையில் மிகக் கடினமான வாக்கியம் வேறு ஒன்று. "சார், படிக்கட்டுல சிகரெட் குடிக்காதீங்க." அவ்வளவுதான். குழந்தைகூட ரெண்டு வயதில் சொல்லிவிடும். ஊருக்கெல்லாம் சாவைப் பற்றி விளக்கிய நான், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் போய்ப் பட்ட பாடு இருக்கிறதே, அது இன்றைக்கும் துபாய் வரைக்கும் பேசப்படுகிறது. (துபாய் ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். தானாக வரும்.)

எங்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே நானும் என் மனைவி மல்லிகாவும். கொல்லையில் செவலை என்ற பசு. மேலே வாடகைக்கு டாக்டர் அருள். மாட்டு டாக்டர். ஆவூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், தங்கமான மனிதர். அவர் மனைவி திருச்சியில் டீச்சர். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை போய்விடுவார். மீதி நாளெல்லாம் டாக்டருக்குத் துணை சிகரெட்தான்.

இதில் சிக்கல், எங்கள் படிக்கட்டு. தெருவில் இருந்து கிரில் கேட்டைத் திறந்தால் இடது பக்கம் எங்கள் வாசல், நேரே படி. மூன்று பக்கமும் சுவர். பாதிப் படியில் திரும்புகிற இடத்தில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல். மேலே மொட்டை மாடிக் கதவு. குரங்கு வருகிறதென்று அதை எப்போதும் தாழ் போட்டு வைத்திருப்போம். டாக்டர் அந்த ஜன்னல் ஓரம் நின்று, முகத்தை வெளியே நீட்டி, புகையை மிக நாணயமாக வெளியே ஊதுவார். ஒரு துளிகூட உள்ளே விடக் கூடாது என்ற எண்ணம் அவர் முதுகிலேயே தெரியும். ஆனால் ஆனி மாதத்து மேல்காற்று யார் நாணயத்தையும் பார்ப்பதில்லை. ஊதிய புகையை அப்படியே திருப்பி உள்ளே தள்ளும். மேலே போகலாம் என்றால் கதவு சாத்தியிருக்கிறது. வேறு வழியில்லாமல் புகை படியிறங்கி, எங்கள் வாசலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் வழியாக ஹாலுக்குள் வந்து, சோபாவில் உட்கார்ந்துவிடும்.

மழை தூறினால் அவர் குளியலறைக்குப் போவார். மேல் குளியலறைக்கும் கீழ் குளியலறைக்கும் காற்றுப் போக ஒரே பொந்து. வீடு கட்டும்போது செலவு மிச்சம் என்று நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். (கொத்தனார் அப்போதே ஒரு மாதிரி பார்த்தார்.) அவர் மேலே பற்றவைத்தால், கீழே சோப்பு போட்டுக்கொண்டிருக்கும் நான் இருமுவேன்.

எனக்கும் மல்லிகாவுக்கும் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பொறுத்துக்கொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் போனது எங்கள் மகள் நிவேதாவால். ஆவுடையார்கோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை துபாயில். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு இங்கே அழைத்து வரவேண்டும். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் செய்ய முடியாது. அதற்கு முன்னால் ஒரு நாள் பார்த்துப் போக வந்தவள், ஹாலில் கால் வைத்த மறுநிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். செவலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் வாந்தி.

அவள் திரும்பிப் போனதும் சம்பந்தியம்மாவிடம் இருந்து போன் வந்தது. மல்லிகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, நான் தப்பா சொல்றேன்னு நெனைக்காதீங்க. அங்கிட்டு சிகரெட் பொகையா இருக்குன்னு பிள்ள சொல்லுது. வயித்துப் பிள்ளக்காரிக்கு ஆகுமா? பேறுகாலம் இங்கயே பாத்துக்குறோம். நீங்க வந்து இருங்க."

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வராத வீடு என்ற பேச்சு எங்கள் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று மல்லிகாவுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்து பார்த்தாள். மகள் பிறந்தபோது கட்டிய தொட்டில் சேலையை ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் தம்பிகிட்ட நான் சொல்லட்டா?"

"நீயா? வெடுக்குன்னு சொல்லிருவே. அவரு மூஞ்சி சுருங்கிரும். செவலைக்கு அன்னைக்கு என்ன பண்ணாருன்னு மறந்துட்டியா?"

மறக்க முடியாது. சித்திரையில் செவலை கன்று போட முடியாமல் தவித்தது. கன்று உள்ளே கால் மடங்கிக் கிடந்தது. டாக்டர் லுங்கியோடு இறங்கி வந்து, தோள் வரைக்கும் கையை விட்டு, காலை நேராக்கி, கன்றை உயிரோடு எடுத்துக் கொடுத்தார். பணம் நீட்டினால், "நம்ம வீட்டு மாட்டுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா சார்" என்று கையைக் கழுவிக்கொண்டு மேலே போய்விட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், 'குடிக்காதே' என்று எப்படிச் சொல்வது? மனசு நோகாமல் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு வாய் வேண்டும். அந்த வாய் இந்த வட்டாரத்தில் யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

"இத எங்கிட்ட விடு" என்றேன்.

முதலில் தொழில் முறையிலேயே இறங்கினேன். மறுநாள் டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்தும்போது கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டு, "டாக்டர், மனுசனுக்கு மொத சொத்து எது? ஒடம்புதான். அதுலயும் நுரையீரல் இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தேன்.

டாக்டரின் முகம் வெளிறியது. "சார், எனக்கு ஏற்கெனவே ரெண்டு பாலிசி இருக்கு. மூணாவது போட்டா டீச்சர் திட்டுவாங்க சார்."

சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறி மறைந்தார். அதன் பிறகு சில நாள் என் தலை தெரிந்தாலே போனைக் காதில் வைத்துக்கொண்டார். (போன் தலைகீழாக இருந்ததை ஒரு தடவை கவனித்தேன். என்னைக் கண்டு அப்படி ஓடியவர்கள் நிறையப் பேர். நான் கோபப்படவில்லை.)

சரி, வாயால் வேண்டாம், ஜாடையாகச் சொல்வோம் என்று முடிவெடுத்தேன். பழைய பெயின்ட் டின் ஒன்றைக் கழுவி, பாதிக்கு மணல் நிரப்பி, கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் வைத்தேன். பார்க்கிற மனிதருக்குப் புரியாதா? 'ஐயா, இனிமேல் இங்கே நின்று குடித்து, இதில் அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்' என்பதை இதைவிட நாகரிகமாக எந்த டின்னால் சொல்ல முடியும்?

காலையில் டின் மரத்தடியில் இல்லை. படித் திருப்பத்தில், ஜன்னலுக்குக் கீழே, அழகாக உட்கார்ந்திருந்தது.

"சார், ரொம்ப தேங்க்ஸ்" என்றார் டாக்டர் மேலிருந்து, முதல்முறையாக என்னைக் கண்டு ஓடாமல். "சாம்பலை எங்க தட்டுறதுன்னு இத்தன நாளா சங்கடமா இருந்துச்சு. டின்னு வெளிய இருந்துச்சா, மழையில நனையும்னு உள்ள எடுத்து வச்சிட்டேன்."

இந்த இடத்தில் ஒரு மானமுள்ள மனிதன் என்ன சொல்லியிருப்பான்? நான் சொன்னது: "இருக்கட்டும் டாக்டர். ஒங்களுக்குப் பத்துமா? இன்னொரு டின்னு வேணும்னாலும் இருக்கு."

வசதி கூடியதும் சிகரெட்டும் கூடியது. சாப்பாடு போடும்போது மல்லிகா, "மக வாந்தி எடுக்குறா. அப்பன் அவருக்குக் கடை தொறந்து குடுக்குறாரு" என்று ரசத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் ரசத்தைக் குடித்தேன்.

அடுத்து நேரடித் தாக்குதல். எப்போது புகை வந்தாலும் உடனே எழுந்து படியேறிப் போவது, அங்கேயே, அப்போதே சொல்லிவிடுவது. போனேன். ஒவ்வொரு தடவையும் போனேன். டாக்டர் பக்கத்தில் நிற்பேன். அவர் கையில் இருக்கிற சிகரெட்டைப் பார்ப்பேன். வாக்கியம் தொண்டை வரை வரும். செவலையின் கன்று கண்ணில் ஆடும். ஒரு பெருமூச்சு விட்டு, "காத்து நல்லா அடிக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். டாக்டர் என் முதுகைப் பரிதாபமாகப் பார்ப்பார். அந்தப் பரிதாபத்தின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொஞ்சம் டாக்டரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வயதான ஒரு வீட்டுக்காரர். சிகரெட் பற்றவைத்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வருகிறார். மூக்கை உறிஞ்சுகிறார். சிகரெட்டையே பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். கீழே மனைவி இருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கிறார். சாம்பல் தட்ட டின்வேறு வாங்கி வைக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

அந்த வியாழக்கிழமை மாலை நான் தீர்மானத்தோடு படியேறினேன். மல்லிகா கேட்டுக்கொண்டதன் பேரில் மறுநாள் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. புகை நின்றுவிட்டதா என்று நேரில் பார்த்துவிட்டு வளைகாப்புக்கு நாள் குறிப்பது பற்றிப் பேசுவார்கள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. மல்லிகா அடுப்படியில் இருந்தாள்.

குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். "டாக்டர், ஒரு விசயம். ரொம்ப நாளா வாய் வரைக்கும் வருது, சொல்ல முடியல. இந்த சிகரெட்..."

டாக்டர் என் தோளில் கை வைத்தார். "சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு எப்பவோ புரிஞ்சிருச்சு."

"புரிஞ்சிருச்சா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனிதர்! சொல்லாமலே புரிந்துகொள்கிறாரே!

"அம்மாவுக்குத் தெரியாது. நான் பாத்துக்குறேன்" என்றபடி பாக்கெட்டில் இருந்து ஒன்றை உருவி என் விரலிடுக்கில் வைத்தார். நான் வாய் திறப்பதற்குள் லைட்டரை நீட்டிவிட்டார்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏஜென்ட்டின் முதல் விதி, வீட்டுக்காரர் கொடுப்பதை மறுக்கக் கூடாது. காபி கொடுத்தால் குடி. ஒரே நாளில் பத்து வீட்டில் கொடுத்தாலும் பத்தையும் குடி. நீட்டிய கையைத் தட்டினால் பாலிசி போய்விடும். வாங்கிக்கொண்டு, அவர் மனம் குளிர்ந்ததும் மெதுவாக விஷயத்துக்கு வா. இந்த விதியால் எனக்கு அல்சர் வந்திருக்கிறது. ஆனால் ஒரு பாலிசியும் போனதில்லை. முப்பது வருடத்துப் பழக்கம், மூளையைக் கேட்காமல் வேலை செய்தது. வாங்கிக்கொண்டேன். இதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "டாக்டர், இதத்தான் சொல்ல வந்தேன்" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்றுகூட மனசுக்குள் வாக்கியம் அமைத்துவிட்டேன். நம்பிக்கைக்கு எனக்கு என்றும் குறைவிருந்ததில்லை.

அதுவரை நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்களிடம் "புகை பிடிப்பீர்களா?" என்று பாலிசி பாரத்தைப் பார்த்துக் கேட்டவன். (காதில் பீடியைச் செருகிக்கொண்டு "இல்ல" என்பார்கள். "இல்லை" என்று எழுதிக்கொள்ள முடியாமல் நான் தவித்த தவிப்பு தனிக்கதை.) பழக்கமில்லாதவன் இழுத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாரத்திலும் போடவில்லை.

இழுத்தேன்.

உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நெஞ்சுக்குள் யாரோ பனங்கருக்கு மட்டையால் தேய்த்தார்கள். மூக்கு, கண், காது, எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் புகை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினேன்.

அப்போது கீழே கிரில் கேட் திறந்தது.

"இந்தா பாருப்பா, ஒன் மாமனாரு வீட்டுக்கு வந்தாச்சு. பெயின்ட் அடிச்சிருக்காங்க போல. படி நல்லா அகலமாத்தான் இருக்கு. பிள்ள ஏறி எறங்க..."

சம்பந்தியம்மாவின் குரல். நாளைக்கு வருகிறோம் என்றவர்கள், அறந்தாங்கியில் ஒரு வேலை முடிந்தது என்று கையோடு வந்துவிட்டார்கள். அந்த அம்மாவின் ஒரு கையில் பழப் பை. மறு கையில் போன். போனில் வீடியோ காலில் மாப்பிள்ளை. வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்த போன் மெல்ல மேலே நிமிர்ந்து, படித் திருப்பத்தில் வந்து நின்றது.

துபாயில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் டீ இடைவேளை. மாப்பிள்ளையோடு சேர்த்து நாலைந்து பேர் திரையைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது: புகை மண்டலம். அதன் நடுவே கண் சிவந்து, வேட்டி நழுவி, விரலிடுக்கில் எரியும் சிகரெட்டோடு ஒரு முதியவர். காலடியில் சாம்பல் டின்.

"மாமா...?" என்றது போன்.

பேச வேண்டிய நேரம் இதுதான். வாழ்க்கை முழுவதும் நான் தயாராக இருந்த நேரம். வாயைத் திறந்தேன். "க்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திறந்தேன். "க்ஹ்." குரல் போய்விட்டது. முப்பது வருடம் என்னைக் காப்பாற்றிய வாய், முக்கியமான நேரத்தில் பாலிசியை நிறுத்திவிட்டது.

சம்பந்தி, அந்த அம்மாவின் கணவர், மெதுவாகக் கேட்டார்: "மாடியில இருக்குற டாக்டருதான் குடிக்கிறாருன்னு சொன்னீங்க?"

டாக்டருக்கு என்மேல் அளவில்லாத அன்பு. என்னைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று முன்னால் வந்தார். "ஐயா, சாரைத் தப்பா நெனைக்காதீங்க. பாவம், ரொம்ப நாளா ஆசைய அடக்கிட்டு இருந்தாரு. நான் குடிக்கிறப்பல்லாம் பக்கத்துல வந்து நின்னுட்டுப் போவாரு, ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சொன்னாரு."

என் கதை முடிந்தது.

சம்பந்தியம்மா போனை முந்தானைக்குள் இறக்கினார். "அண்ணே, ஒங்க வீடு, ஒங்க இஷ்டம். பிள்ள அங்கிட்டே இருக்கட்டும்." முந்தானைக்குள் இருந்து, "அம்மா, அவருக்குத் தண்ணி குடுங்கம்மா" என்று மாப்பிள்ளை கத்துவது கேட்டது.

இதற்குள் மல்லிகா வாசலுக்கு வந்திருந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துகொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. சம்பந்தி வீட்டாரை உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "டாக்டர் தம்பி, செவலையக் கொஞ்சம் பாக்குறீங்களா" என்று அவரைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனாள். விருந்தாளிகள் முன்னால் அவரை வைத்துப் பேசக் கூடாது என்றுதான். நானும் இருமிக்கொண்டே பின்னால் போனேன். நான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வேறு. நாகரிகம் என்பது இது என்று அந்தத் தொழுவத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள் மல்லிகா. "நீங்க இந்த வீட்டுல இருக்குறது எங்களுக்கு எவ்வளவு ஆறுதல்னு செவலைக்கே தெரியும். நிவேதா மாசமா இருக்கா. பேறுகாலத்துக்கு இங்க வரணும். சிகரெட் வாடை அவளுக்கு ஆகல, அன்னைக்கு வந்தப்பயே வாந்தி. நீங்க ஜன்னல்ல வெளியதான் ஊதுறீங்க, நான் பாத்திருக்கேன். ஆனா மேக்காத்து திருப்பி உள்ள தள்ளிருது, நேரா எங்க ஹாலுக்கு வருது. பாத்ரூம்ல குடிச்சாலும் அந்தப் பொந்து வழியாக் கீழ எறங்கிருது. அதனால படியிலயும் வீட்டுக்குள்ளயும் வேணாம் தம்பி. குடிக்காதீங்கன்னு சொல்லல, அது ஒங்க விருப்பம். மொட்டை மாடியில கெழக்கு ஓரம், தண்ணித்தொட்டிக்கு அங்கிட்டு, ஒரு நாற்காலி போட்டுத் தாரேன். அந்த டின்னையும் அங்க வச்சிருவோம். கதவத் தெறந்தா மறக்காமச் சாத்திருங்க. ஒங்களப் பாக்க யாரும் வந்தாலும் இதையே சொல்லிருங்க. முடியுமா தம்பி?"

அவ்வளவுதான். செவலை ஒரு வாய் வைக்கோல் மென்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. திட்டு இல்லை. புத்திமதி இல்லை. நுரையீரல் இல்லை. வீட்டைக் காலி பண்ணு என்ற மிரட்டல் மருந்துக்கும் இல்லை. என்ன வேண்டும், ஏன் வேண்டும், அதற்குப் பதில் எங்கே போகலாம்.

டாக்டரின் முகம் செவலையின் நிறத்துக்கு வந்தது. "ஐயோ அம்மா! கீழ வருதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. வீட்டுக்குள்ள குடிச்சா திரைச்சீலையில வாடை நின்னு சனிக்கிழம டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்கன்னுதான் படிக்கு வந்தேன். தெருவுல நின்னா, மாடு வளக்குற ஆளுக எல்லாம் பாப்பாங்க. மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

மல்லிகா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததே போதுமானதாக இருந்தது.

டாக்டர் நிறுத்தவில்லை. "நேத்துக்கூட ஒரு ஆளை வெரட்டிட்டு வந்தேம்மா. சினை மாட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு பீடி குடிக்கிறாரு. 'அங்கிட்டுப் போய்க் குடிய்யா, மாடு மூச்சு விட வேணாமா'ன்னு கத்துனேன். நான் என்ன பண்ணிட்டு இருந்திருக்கேன் பாருங்க!" பிறகு என்னைப் பார்த்தார். புரிய ஆரம்பித்தது. "அப்ப சார்... நீங்க... பக்கத்துல வந்து நின்னது?"

"க்ஹ்" என்றேன். எல்லாம் அதில் அடங்கியிருந்தது.

அவர் நேராக ஹாலுக்குப் போய், சம்பந்தியம்மா முன்னால் கை கட்டி நின்று, குடித்தது தான்தான், இனிப் படியிலும் வீட்டிலும் குடிப்பதில்லை என்று சொன்னார். சம்பந்தியம்மா லேசில் நம்புகிறவர் இல்லை. "தம்பி, சொல்லு வேற, காத்து வேற. இப்ப போய் மாடியில குடிங்க. நான் இங்க ஒக்காந்து பாக்குறேன்" என்றார்.

புகை பிடிக்கச் சொல்லி ஒரு மாமியார் உத்தரவிட்டது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். டாக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். சம்பந்தியம்மா ஹாலின் நடுவே நின்று, கண்ணை மூடி, மூக்கை நிமிர்த்தினார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"வருது" என்றார்.

மல்லிகா படி வரை ஓடிப் போய், "தம்பி, கதவு!" என்று குரல் கொடுத்தாள். மேலே கதவு டமாரென்று சாத்தும் சத்தம். பழைய வாடை போகட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவர் மறுபடி ஒன்று பற்றவைத்தார். சம்பந்தியம்மா ஹாலில் உறிஞ்சினார், அடுப்படியில் உறிஞ்சினார், குளியலறைக்குள் போய்ப் பொந்துக்கு நேராக நின்று உறிஞ்சினார்.

"இல்ல" என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் வந்து நின்று ஒரு தடவை உறிஞ்சினார். "அண்ணன்கிட்ட மட்டுந்தான் அடிக்குது."

மல்லிகா சிரித்த சிரிப்பில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. அன்றைக்கே நாள் பேசி முடித்தார்கள். ஆடிக்கு முன்னால் வளைகாப்பு நடந்து, நிவேதா வந்தாள். துவைத்து மடித்து வைத்த தொட்டில் சேலையில் பேரன் தூங்கினான். டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. பேரன் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவர் நண்பர் ஒருவர் படியில் நின்று பற்றவைக்கப் போனபோது, "இங்க வேணாம்டா, மேல வா. கீழ பிள்ளத்தாச்சி இருக்கா" என்று அவரே இழுத்துக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன். மறுநாள் மல்லிகா ஒரு சொம்பு சீம்பாலை... இல்லை, கன்று பெரிதாகிவிட்டதே, சாதாரணப் பால்தான், மேலே கொடுத்தனுப்பினாள். நன்றியையும் அவள் அப்படித்தான் சொல்வாள், நேராக.

அடுத்த வருடம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதற்குக் கீழே மல்லிகா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். 'படிக்கட்டிலும் வீட்டுக்குள்ளும் புகை பிடிக்கக் கூடாது, வீட்டு உரிமையாளர் உட்பட.' டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் சிரிக்காமல் போட்டேன்.

துபாய்க்கு வருகிறேன். எல்லா விளக்கமும் சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மா சொன்னார், நிவேதா சொன்னாள், டாக்டரே போனில் பேசினார். ஆனால் மாப்பிள்ளை கண்ணால் பார்த்தவர். "மாமாவை விட்டுக்குடுக்காமப் பேசுறீங்க, எனக்குப் புரியுது" என்று அவர் எல்லோரிடமும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். லீவுக்கு வரும்போதெல்லாம், சிகரெட்டை விடுவதற்கென்று விற்கும் மருந்து கலந்த சூயிங்கம் ஒரு பெட்டி எனக்குத் தனியாக வரும். என் கையைப் பிடித்து, ஓரமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி, மனசு நோகாமல் கொடுப்பார். நீட்டியதை மறுக்கும் பழக்கம்தான் எனக்குக் கிடையாதே. வாங்கிக்கொள்வேன்.

அந்தப் பெட்டிகளை அப்படியே மாடிக்குக் கொடுத்துவிடுவேன். டாக்டர் மென்றார். மென்று மென்று, போன பொங்கலோடு சிகரெட்டை விட்டேவிட்டார். மொட்டை மாடி டின்னில் இப்போது மல்லிகா துளசி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பேரன் இதைத்தான் முதலில் சொல்கிறான்: "டாக்டர் மாமா சிகரெட்ட விட்டுட்டாங்க. தாத்தாதான் இன்னும் விடல."